அம்மாயியின் இரண்டு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து எழுதி வைத்திருக்கிறேன். கதை அங்குமிங்கும் ஓடுகிறது. என் கேள்விகளை எடுத்துவிட்டு, அவரே சொல்வதுபோல் இரண்டு பக்கத்தில், அவருடைய பேச்சு மாறாமல் எப்படிச் சுருக்குவது?

மலையகத்தில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்து, ஒருவர் தானே சொல்லும் கதையாகத் தொகுத்து வருகிறேன். இந்த வேலையில் மிகக் கடினமான இடம் நீளத்தைக் குறைப்பதல்ல, கேள்வியை நீக்குவது. ஆகவே அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்துப்படியின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலப்படியைத் தொடாமல் வையுங்கள். பிரதியில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒலிப்பதிவின் நேரத்தைக் குறியுங்கள். வாக்கியங்களை இடம் மாற்றிய பிறகு, அவர் எதை எந்தச் சூழலில் சொன்னார் என்பதைச் சரிபார்க்க வேறு வழி இராது. பிறகு, நீங்கள் கேட்காமலேயே அவர் எந்தச் சம்பவத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்று பாருங்கள். கதையின் தண்டு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, எழுத்துப்படியில் இப்படி ஒரு பகுதி இருப்பதாகக் கொள்வோம். இதில் லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு, படங்கு என்பது கொழுந்து பறிப்பவர் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணி, நிறை என்பது பறித்த கொழுந்தின் எடை, அரைப்பேர் என்பது அரைநாள் சம்பளம், பின்னால் வரும் பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டம்.

கேள்வி: எத்தனை வயதில் வேலைக்குப் போனீர்கள்?
"பதினாலு இருக்கும். அதுவும் அக்கா போனதுனாலதான். அக்கா கப்பல் ஏறிருச்சு. மேல்லயத்துல ஒரு குடும்பம், அவங்களும் அதே வருசந்தான்… என்னா கேட்ட?"
கேள்வி: வேலைக்குப் போனது.
"ஆமா. அக்கா படங்கத்தான் கட்டிக்கிட்டுப் போனேன். கூடை என்னய விடப் பெருசு."
கேள்வி: பயமாக இருந்ததா?
"இருக்காதா? நிறை கொறஞ்சா அரப்பேருதானே."

இன்னும் நாற்பது நிமிடம் கழித்து, வேறு ஏதோ பேசும்போது, "மொதநாளு பெரட்டுல பேரு கூப்புடயில எனக்கு வாயே வரல" என்கிறார். இவற்றை நான் இப்படித் தொகுப்பேன்:

"அக்கா கப்பல் ஏறிருச்சு. அக்கா போனதுனாலதான் நான் வேலைக்குப் போனேன். பதினாலு வயசு இருக்கும். அக்கா படங்கத்தான் கட்டிக்கிட்டுப் போனேன். கூடை என்னய விடப் பெருசு. மொதநாளு பெரட்டுல பேரு கூப்புடயில எனக்கு வாயே வரல. நிறை கொறஞ்சா அரப்பேருதானே."

இதில் "வயசு", "நான் வேலைக்குப் போனேன்" என்பவை கேள்வியிலிருந்து வந்தவை. கேள்வியில் இருந்த வெறும் தகவலை, பதில் தனித்து நிற்பதற்குத் தேவையான அளவு மட்டும், அவருடைய பேச்சு வடிவில் சேர்க்கலாம். ஆனால் "பயம்" என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. அது கேட்டவரின் சொல். அவர் "இருக்காதா" என்று மட்டுமே சொன்னார். உணர்ச்சியையும் மதிப்பீட்டையும் குறிக்கும் சொற்கள் கேள்வியிலிருந்து பதிலுக்குள் நுழைந்தால், கதை அந்த இடத்திலேயே பேட்டி எடுத்தவரின் கதையாகிவிடும். அவர் தாமாகச் சொன்ன "வாயே வரல" அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தொலைவில் இருந்த அந்த வாக்கியத்தை இங்கே கொண்டுவர முடிந்ததற்குக் காரணம் "மொதநாளு" என்ற சொல்தான்; அதே நாளைப் பற்றியதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

மேல்லயத்துக் குடும்பத்தைப் பற்றிய கிளைக்கதை இங்கிருந்து போய்விட்டாலும் அதை அழிக்காதீர்கள். யார் யார் கப்பல் ஏறினார்கள் என்ற பகுதி தனியாக அமையுமானால் அதன் இடம் அங்கே இருக்கும். அந்தப் பகுதியில் ஆண்டுகளைப் பற்றிக் கவனம் தேவை. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. ஆனால் மக்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறுவது அதன் பின் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அம்மாயி ஆண்டைச் சொல்லாதபோது நாம் அவர் வாயில் ஆண்டை வைக்கக் கூடாது. தேவையானால் கதைக்கு மேலே உங்கள் பெயரில் ஒரு முன்குறிப்பாக எழுதுங்கள். பெரட்டு, படங்கு, அரைப்பேர் முதலிய தோட்டச் சொற்களுக்கான விளக்கமும் அங்கேயே இருக்கட்டும், ஏனெனில் தன் லயத்தில் எல்லாரும் அறிந்த சொல்லை யாரும் நின்று விளக்கிச் சொல்வதில்லை.

எழுத்து நடையில், வினைமுற்றுகளையும் ("ஏறிருச்சு", "வரல") தோட்டச் சொற்களையும் அவர் ஒலித்தபடி விட்டு, மற்றவற்றை வழக்கமான எழுத்தில் வைத்தால் போதும். ஒவ்வொரு ஒலியையும் எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்து, பேச்சு காதில் விழாமல் போகும். "வந்து", "அது என்னான்னா" போன்ற சொற்களில் பெரும்பாலானவற்றை நீக்கலாம். ஆனால் கதை திரும்பும் இடத்திலோ, சொல்லத் தயங்கும் இடத்திலோ வருபவற்றை ஒலிப்பதிவைக் கேட்டு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் அம்மாயிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கிட்டுத் தொடர்ந்து சொல்லத் தொடங்கும் இடங்கள் சரியாக அமைந்தவை. "அப்படியா சொன்னேன்?" என்று நிறுத்தும் இடங்களில் ஓரத்தில் குறித்த நேரத்துக்குப் போய், அவர் உண்மையில் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப வையுங்கள். எதையாவது எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.