மஜ்ஜை டெஸ்ட் என்றால் கேன்சர்தானா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 54 வயது. கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறார். வீட்டில் இரண்டு மாடும் உண்டு. ஐந்து வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். டெங்கு, மலேரியா, டைபாய்டு, யூரின், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். மூன்று முறை ஆன்டிபயாடிக் முடிந்தது. இப்போது எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். கேன்சரா? கோயம்புத்தூர் போய் முழு உடம்பு ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்: மஜ்ஜை டெஸ்ட் கேன்சருக்கு மட்டும் எடுப்பதல்ல. இதுபோன்ற காய்ச்சலில் நம் ஊரில் மஜ்ஜையில் முதலில் தேடுவது பெரும்பாலும் காசநோயைத்தான்.

1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்து ஓர் எல்லை வகுத்தார்கள். 101 டிகிரிக்கு மேல் பலமுறை ஏறி, மூன்று வாரம் தாண்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் பிடிபடாத காய்ச்சல் என்றார்கள். அந்த ஒரு வாரம் பின்னாளில் மூன்று நாளாகச் சுருங்கியது. மூன்று வாரம் என்பதற்குக் காரணம் எளிது. அதற்குள் பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் தாமாகப் போய்விடும். போகாமல் நிற்பதை மூன்று அறைகளில் தேடுகிறோம்: கிருமித்தொற்று, கட்டி வகைகள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் அழற்சி நோய்கள். இவற்றில் அடங்காத சிலவும் உண்டு. சாப்பிடும் மாத்திரையே காய்ச்சல் கொடுப்பது அதில் ஒன்று.

எந்த அறையை முதலில் திறப்பது என்பதைச் சின்னத் துப்புகள்தான் சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லா டெஸ்டும் எடுத்தால், தற்செயலாக ஏதோ ஒன்று கொஞ்சம் கூடியிருக்கும், அதன் பின்னால் இரண்டு வாரம் ஓடிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். 47 வயது, தேயிலைத் தொழிற்சாலை வேலை, ஆறு வாரக் காய்ச்சல். இருமல் இல்லை. எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. இரண்டாவது வாரம் எடுத்த மார்பு எக்ஸ்ரே சுத்தம். டைபாய்டுக்கான விடால் டெஸ்ட் லேசாக வந்திருந்ததால் பத்து நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். ஒரேயொரு விடால் லேசாக வருவதற்கு நம் பக்கம் பெரிய அர்த்தம் இல்லை, ஆரோக்கியமானவருக்கும் வரும். அப்புறம் யூரின் தொற்று என்று லெவோஃப்ளாக்சசின் ஏழு நாள். அதில் காய்ச்சல் நாலைந்து நாள் தணிந்து, மாத்திரை நின்றதும் திரும்ப வந்தது.

எனக்கு உறுத்தியது அந்தத் தணிவுதான். அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். நோய் போகாது, தடயம் மட்டும் மங்கும். பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். கல்லீரல் டெஸ்டில் மற்ற எண்களெல்லாம் சரியாக இருக்க, ஆல்கலைன் பாஸ்பேட்டஸ் மட்டும் இரண்டு முறையும் இயல்பைப்போல மூன்று மடங்கு. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மஞ்சள் காமாலை இல்லாமல் இது ஒன்று மட்டும் ஏறினால், கல்லீரலுக்குள் பொடிப்பொடியாக ஏதோ பரவியிருக்கலாம். அது காசநோயாகவும் இருக்கலாம், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொன்னேன். உள்ளே மூன்று வெளிர்மஞ்சள் புள்ளிகள். அதே வாரம் எடுத்த சி.டி.யில் இரண்டு நுரையீரலிலும் தினையைத் தூவினாற்போல் மணிகள். மிலியரி காசநோய் என்ற பெயரே தினையிலிருந்து வந்ததுதான். ஆரம்ப வாரங்களில் அந்த மணிகள் எக்ஸ்ரேயில் தெரியாத அளவு பொடியாக இருக்கும். அதனால்தான் முதல் எக்ஸ்ரே சுத்தமாக வந்தது.

இவ்வளவு தெரிந்தும் மஜ்ஜை எடுத்தோம். படத்தில் தெரிவது இடமும் உருவமும்தான், கிருமியின் பெயர் திசுவில்தான் கிடைக்கும். மஜ்ஜையில் கிரானுலோமா என்ற அழற்சித் திரள்கள் இருந்தன. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்டும் பாசிட்டிவ். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. மருந்து தொடங்கியும் காய்ச்சல் இறங்க மூன்று வாரம் ஆனது. நடுவில் வீட்டார் பதறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கும் இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. மலையில் வேறு இரண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்திருக்கும், வலிக்காது. அக்குள், மார்புக்கு அடி, புடவைக் கட்டு இறுகும் இடுப்பு என்று மறைவான இடங்களில் தேட வேண்டும். ஐந்து வாரம் இழுப்பது இதன் வழக்கம் அல்ல. முடிந்த மூன்று ஆன்டிபயாடிக்கில் டாக்சிசைக்ளின் இருந்து, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் இதைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம்.

இன்னொன்று புரூசெல்லா, மாட்டிலிருந்து வருவது. காய்ச்சிய பாலில் பயமில்லை. பசு கன்று வீசியதா, அம்மா வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்தாரா என்று கேளுங்கள். முதுகுவலி, மூட்டுவலி, வியர்வை சேர்ந்திருந்தால் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்குத் தனி ரத்த டெஸ்ட் உண்டு. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினால், இந்தச் சந்தேகத்தை லேபுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதுவாக வளரும் கிருமி, லேப் ஊழியருக்கும் தொற்றக்கூடியது.

அழற்சி நோய்க்கும் அடையாளங்கள் உண்டு. காய்ச்சல் ஏறும்போது மட்டும் தோன்றி மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு, தொண்டை வலி, மூட்டு வீக்கம், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் என்றால் ஸ்டில் நோயை நினைப்போம். ஆனால் தொற்றையும் லிம்போமாவையும் தள்ளிய பிறகுதான். ஃபெரிட்டின் அவற்றிலும் ஏறும்.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: காரணம் தெரியும்வரை டெக்சா மாதிரியான ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். போட்ட மறுநாளே காய்ச்சல் இறங்கும், பசிக்கும், எல்லாரும் மகிழ்வார்கள். லிம்போமாவாக இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போகும். காசநோயாக இருந்தால் இன்னும் பரவும். அம்மாவின் நிலை திடீரென மோசமாகும்போது டாக்டர் தெரிந்தே எடுக்கும் முடிவு வேறு.

முழு உடம்பு பெட் ஸ்கேன் பயனுள்ளதுதான், ஆனால் செலவு அதிகம். ரத்த டெஸ்ட், வயிற்று ஸ்கேன், மார்பு சி.டி. எதிலும் துப்பு கிடைக்காதபோது, எங்கே ஊசி வைத்துத் திசு எடுக்கலாம் என்று காட்ட அது உதவும். தொற்றும் அழற்சியும் புற்றும் அதில் ஒரேபோல் ஒளிரும் என்பதால் ஸ்கேனை வைத்து மட்டும் பெயர் சூட்ட முடியாது.

இந்த வாரம் ஒரு நோட்டில் ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை காய்ச்சலை எழுதுங்கள், பாராசிட்டமால் கொடுக்கும் முன். சூடாக டீ குடித்தவுடன் வாயில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள், கால் மணிநேரம் போகட்டும். தேவையில்லாத மாத்திரைகளை எதை நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தால் வரும் காய்ச்சல் என்றால், அதை நிறுத்திய மூன்று நாளில் பெரும்பாலும் விட்டுவிடும். மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, வாந்தியோடு தலைவலி, ரத்தக்கசிவு இவற்றில் ஏதாவது வந்தால் நோட்டை மூடிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அரைமணி நேர வேலை. எடுக்கும் முன், கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் தனியாக ஒரு பங்கு போகிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்காக இன்னொருமுறை குத்த வேண்டியிருக்கும். பழைய எக்ஸ்ரே படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையே பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.