போனஸ் பணம்: ஒரே தடவையா, மாதத் தவணையா?

வணக்கம் சார்,
வருஷத்துக்கு ஒருமுறை எனக்குப் பெரிய போனஸ் வரும். இந்த முறை 12 லட்சம். ஈக்விட்டி ஃபண்டில் போடலாம் என்று இருக்கிறேன். மொத்தமாகப் போட்டு, மறுநாளே சந்தை சரிந்துவிட்டால்? மாதம் ஒரு லட்சமாகப் போட்டால் பாதுகாப்பு என்கிறாள் தோழி. எது சரி?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பத்து வருஷமாவது தொடப்போவதில்லை என்றால், மொத்தமாகவே போடுங்கள்.

12 தவணையில் முதல் லட்சம் இன்றே உள்ளே போகிறது, கடைசி லட்சம் 11 மாதம் காத்திருக்கிறது. சராசரியாக உங்கள் பணம் ஐந்தரை மாதம் வெளியே நிற்கும். சந்தை இறங்கும் வருஷங்களைவிட ஏறும் வருஷங்களே அதிகம் என்பதால், இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் நஷ்டம்தான். வேன்கார்ட் என்ற முதலீட்டு நிறுவனம் 2012-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய கணக்குகளை அலசியது. பங்கும் கடன் பத்திரமும் கலந்த முதலீட்டில், மூன்றில் இரண்டு பங்கு தடவை மொத்தமாகப் போட்டவர்தான் முன்னால் இருந்தார்.

மீதி ஒரு பங்குதான் உங்கள் பயம். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூனிட் விலை இன்று 100, மாதம் 2 ரூபாய் வீதம் இறங்கி கடைசித் தவணையன்று 78 என்று வையுங்கள். மொத்தமாகப் போட்டவரிடம் 9.36 லட்சம் இருக்கும், தவணையில் போட்டவரிடம் சுமார் 10.58 லட்சம். அதே வேகத்தில் 122-க்கு ஏறினால்? மொத்தமாகப் போட்டவருக்கு 14.64 லட்சம், தவணைக்காரருக்குச் சுமார் 13.24 லட்சம். காத்திருந்த பணத்துக்கு வரும் சிறு வட்டியை இதில் சேர்க்கவில்லை. தவணையில் வாங்கினால் சராசரி விலை குறையும் என்பார்கள். இந்த இரண்டாவது கணக்கில் அவர் சராசரியாகக் கொடுத்தது சுமார் 110.6.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கடைசித் தவணை போனதும் 12 லட்சமும் சந்தையில்தான் இருக்கும். பதிமூன்றாம் மாதம் 30 சதவீதம் விழுந்தால், எப்படிப் போட்டிருந்தாலும் அடி விழத்தான் செய்யும். அந்த அடியைத் தாங்க முடியாது என்று தோன்றினால், 8 லட்சத்தை மட்டும் ஈக்விட்டியில் போட்டு மீதியை வங்கி வைப்பில் வையுங்கள். மெதுவாகப் போடுவது அதற்கு மருந்தல்ல.

அப்புறம், உங்களுக்கு போனஸ் வருஷாவருஷம் வருகிறது. அதுவே ஒரு தவணை முறைதான். அதை மறுபடி 12 துண்டாக்கினால், இந்தத் தவணை முடியும்போது அடுத்த போனஸ் வந்து நிற்கும். சராசரியாகப் பார்த்தால், எப்போதும் ஒரு போனஸில் ஏறக்குறைய பாதி வெளியிலேயே கிடக்கும். ஏற்கெனவே ஈக்விட்டியில் 40 லட்சம் இருந்தால், 12 லட்சத்தைச் சேர்க்கும் நாள் பெரிய விஷயமே இல்லை.

இதுதான் முதல் முதலீடு, சேமிப்பே இவ்வளவுதான் என்றால் மட்டும் மூன்று தவணை சரி. பணத்தைக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு, மூன்று தேதியிலும் தானாக ஈக்விட்டி ஃபண்டுக்கு மாறும்படி இன்றே எழுதிக்கொடுத்துவிடுங்கள். கையால் போடுகிறவர்கள் சந்தை விழுந்ததும் "கொஞ்சம் பார்க்கலாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். தவணை முறை பலன் தருவதோ விலை இறங்கிய அந்த மாதங்களில்தான்.