கெட்ட வார்த்தைக்கு முகமூடி

கேள்வி: எங்கள் ஊர் டீக்கடையில் பள்ளிக்கூடப் பையன்கள் ‘க’ பாஷையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி சிரிக்கிறார்கள். லண்டனில் வேலை பார்க்கும் என் மருமகன், அங்கேயும் எதுகை போட்டு இப்படித்தான் மறைப்பார்கள் என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? – ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: ஒன்றே இல்லை ஐயா. உங்கள் பையன்கள் செய்வதில் மறைவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு அசைக்கும் முன்னால் ஒரு ‘க’ போடுகிறார்கள், ‘நீ வா’ என்பது ‘கநீ கவா’ ஆகிறது. அந்தக் ‘க’வை உருவிப்போட்டால் வார்த்தை அப்படியே வந்துவிடும். நம் பக்கத்துப் பழைய திருவிதாங்கூர் மூலபத்ரி பாஷை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, அதில் எழுத்துக்கு எழுத்து மாற்றுவார்கள். த இருக்கும் இடத்தில் ப, ப இருக்கும் இடத்தில் த, அதேபோல ந-வுக்கு ம. ‘பாதி’ என்றால் ‘தாபி’. ஆனால் அதற்கும் சூத்திரம் உண்டு, சூத்திரம் தெரிந்தவன் எந்தச் சொல்லையும் அவிழ்த்துவிடலாம்.

லண்டன்காரர்கள் செய்தது வேறு. கிழக்கு லண்டனில் தள்ளுவண்டி வியாபாரிகள் மத்தியில் 19-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கு அது. 1859-இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்துக்கு அவர்கள் கொச்சையாகச் சொல்வது ‘ஆர்ஸ்’, லண்டன் வாயில் அந்த ‘ர்’ கேட்காது, ‘ஆஸ்’ என்று நீளும். அதோடு ஓசை சேருகிற மாதிரி முடியும் ஒரு சாதாரண ஜோடியைத் தேடுகிறார்கள்: ‘பாட்டில் அண்ட் கிளாஸ்’. இதுவரை இது வெறும் எதுகை விளையாட்டு, யாரும் ஊகித்துவிடலாம்.

அடுத்து செய்வதுதான் சூட்சுமம். ஓசை சேருகிற அந்தக் ‘கிளாஸ்’ இருக்கிறதே, அதையே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மிச்சம் ‘பாட்டில்’ மட்டும். கெட்ட வார்த்தைக்கும் இதற்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தாது, எந்தச் சூத்திரம் போட்டும் பின்னோக்கிப் போக முடியாது, முழு ஜோடியும் ஏற்கெனவே தெரிந்தால்தான் உண்டு. அப்புறம் ‘பாட்டில்’ எல்லாருக்கும் தெரிந்துபோனதும் அதன்மேல் இன்னொரு சுற்று: பாட்டிலுக்கு ஓசை ‘அரிஸ்டாட்டில்’, அதையும் வெட்டி ‘ஆரிஸ்’. இதோடு நிற்காமல் ‘ஆரிஸ்’ஸுக்கு ஓசையாக ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ பிடித்து, வாலை நறுக்கி ‘பிளாஸ்டர்’ என்றும் சொல்வதுண்டு. கிரேக்கத் தத்துவஞானியும் மாவுக்கட்டும் ஒருவனுடைய பின்பக்கத்துக்குப் பெயராகி நிற்பது இப்படித்தான்.

இப்படி வாலை வெட்டியதால் ஒரு விபரீதமும் நடந்திருக்கிறது. ‘பெர்க்’ என்று ஒரு சொல், ‘மடையா’ என்கிற அளவுக்கு லேசாக இங்கிலாந்தில் வீட்டுக்குள்ளேயே சொல்வார்கள். அது ‘பெர்க்லி ஹண்ட்’ என்ற ஜோடியின் தலைப்பகுதி. பெர்க்லி ஒரு ஊர், ஹண்ட் என்றால் வேட்டைக் கூட்டம். அந்த ‘ஹண்ட்’ ஓசை சேருவது பெண்ணுறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு, அவர்கள் பாஷையிலேயே மிக மோசமான வசவுகளில் அது ஒன்று. ஓசை போனதும் நினைவும் போய்விட்டது, எதற்கு மேல் போர்த்திய துணி என்றே தெரியாமல் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பாஷையில் ஏன் இந்த முறை வேர் பிடிக்கவில்லை என்று நான் நிறைய யோசித்ததுண்டு. நமக்குக் காது முதலில் நிற்பது சொல்லின் தலைமாட்டில். எதுகைகூட இரண்டாம் எழுத்தில்தான் வருகிறது, கடைசியில் அல்ல. அதனால் நாம் தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றுகிறோம். ‘என்ன ம...’ என்று கோபத்தில் ஆரம்பித்தவர், எதிரே பெரியவர் வருவதைப் பார்த்ததும் ‘மண்ணாங்கட்டி’ என்று திருப்பிவிடுகிறாரே, அதுதான் நம் முறை. மோனை அப்படியே இருக்கும், எந்த வார்த்தை வரவிருந்தது என்று கேட்டவருக்கும் தெரியும், இருந்தாலும் அது வாயிலிருந்து வரவில்லை. இலக்கணக்காரர்கள் சொல்லும் இடக்கரடக்கலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ‘கால் கழுவி வந்தான்’ என்பது அவைக்குக் கூச்சம் வராமல் விஷயத்தைச் சொல்வது. மண்ணாங்கட்டியில் திட்டு திட்டாகவே போய்ச் சேருகிறது.

சரி, உங்கள் டீக்கடைப் பையன்கள். அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரிகிறது என்று அவர்களுக்குத் தெரியாததுதான் அவர்கள் தைரியம். ‘கபோ கதும்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.