பொங்கல் ஸ்பெஷலுக்கு மேசை அட்டை: எந்த அளவில் அடிக்கலாம்?

கேள்வி: எங்கள் காபிக் கடையில் பொங்கல் ஸ்பெஷலுக்காக மேசையில் நிற்கும் அட்டை வைக்க வேண்டும். போன தீபாவளிக்கு வைத்தது மின்விசிறிக் காற்றில் விழுந்துகொண்டே இருந்தது. என்ன அளவில் அடிக்கலாம்? எவ்வளவு எழுதலாம்?

பதில்: விழுந்தது பெரும்பாலும் நடுவில் மட்டும் மடித்த, அடிப்பாகம் இல்லாத அட்டையாக இருக்கும். கிரானைட் மேசையில் அதன் இரு கால்களும் மெல்ல வழுக்கி விரிந்துவிடும். அடிப்பாகத்தோடு முக்கோணமாக மூடுங்கள்.

ஒரு A4 அட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 105 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் 297 மி.மீ. நீளத்தை இப்படிப் பிரியுங்கள்: ஒட்டும் மடிப்பு 17, முன்பக்கம் 110, அடி 60, பின்பக்கம் 110. நிறுத்தினால் உயரம் 106 மி.மீ. அளவில் வரும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை மறைக்காது. உயரத்தைக் கூட்ட ஆசைப்பட்டால் அடியையும் கூட்ட வேண்டும். அடி உயரத்தில் பாதிக்குக் குறைந்தால் பழைய கதைதான்.

300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு போதும். மடிக்கும் கோடுகளில் அச்சகத்தாரைக் கிரீசிங் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அடர்ந்த சிவப்பில் இது அசிங்கமாகவே இருக்கும். லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பானதில் டியூப்லைட்தான் தெரியும். லேமினேஷன் மேல் சாதாரணப் பசை நிற்காது என்பதால் ஒட்டும் மடிப்புக்கு இருபக்க டேப் வாங்கிக்கொள்ளுங்கள்.

வடிவமைக்கும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் எழுத்துகளின் அடிப்பக்கம், நடுவில் இருக்கும் 60 மி.மீ. பகுதியை நோக்கியே இருக்க வேண்டும். அதாவது கணினித் திரையில் ஒரு பக்கம் தலைகீழாகத் தெரிய வேண்டும். இரண்டும் நேராகத் தெரிந்தால், நிறுத்தியதும் ஒன்று கவிழ்ந்து நிற்கும்.

எழுதுவது நான்கே செய்தி: என்ன பலகாரம், கூட என்ன வரும், என்ன விலை, எதுவரை கிடைக்கும். உதாரணமாக:

சர்க்கரைப் பொங்கல்
மெதுவடையும் பில்டர் காபியும் சேர்த்து
ரூ. 120
காணும் பொங்கல் வரை, காலை 7 – 11

முதல் வரியைத் தடித்த எழுத்தில் 30 பாயிண்டுக்கு வையுங்கள், ஒரே வரியில் அடங்காது, இரண்டாக உடையுங்கள். விலையும் அதே அளவு. மற்றவை 14 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். மெல்லிய கோடுள்ள எழுத்துருவில் கொம்பும் சுழியும் தேய்ந்துபோகும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொண்டால் கண் தடுக்கும். கரும்பு, பானை, கோலம் மூன்றையும் திணிக்காமல் ஒன்றை மட்டும் ஓரமாக வைத்தால் போதும். அடியின் வெளிப்பக்கத்தில் எதுவும் அடிக்க வேண்டாம், யாரும் பார்க்கப்போவதில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதே அளவில் அச்செடுத்து, மடித்து, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு மேசையில் நிறுத்துங்கள். அந்த ஸ்பெஷலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, மூன்று நொடியில் அட்டையை எடுத்துவிட்டு விலை என்ன என்று கேளுங்கள். சொல்லத் தடுமாறினால், எழுத்தைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ஒரு வரியைக் குறைத்துப் பாருங்கள்.