பூஜை மண்டபமும் பூக்காரர் முழமும்

கேள்வி: வரலட்சுமி பூஜைக்கு நேதாஜி மார்க்கெட்டில் நாலு வாழைமரத் துண்டு வாங்கி, முதல் நாள் இரவே வீட்டில் மண்டபம் கட்டினோம். விடிவதற்குள் ஒன்று சாய்ந்து மற்றதையும் இழுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– காட்பாடி வாசகி

பதில்: எந்த முகத்தோடு கேட்பீர்கள்? வழவழ தரையில் வெறுமனே நிறுத்தினால் எந்த மரமும் சாயும். நாலடித் துண்டே பதினைந்து கிலோ பக்கம் வரும், பெரும்பாலும் தண்ணீர். அடியைக் கோணலில்லாமல் வெட்டி, வாளியில் நட்டு, சுற்றிலும் ஈர மணலை இடித்து இறுக்குங்கள். மேலே நாலையும் மூங்கில் சட்டத்தால் பிணைத்து, துணியை அந்தச் சட்டத்தில் கட்டுங்கள், மரத்தில் அல்ல. நைலான் கயிறு மட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். சணல் கயிறு போதும்.

நானும் பட்டவன்தான். வெள்ளையாக இருக்கட்டுமென்று வெளிமட்டையை முதல் நாளே உரித்து வைத்தேன். காலையில் நாலு தூணும் துருப்பிடித்த குழாய் மாதிரி நின்றன. உரிப்பதைப் பூஜையன்று காலையில் செய்யுங்கள்.

கேள்வி: மண்டபம் 4 அடிக்கு 3 அடி. கணக்குப் போட்டுத்தான் 20 முழம் சாமந்திச் சரம் வாங்கினேன். மூன்று தூணுக்குப் பூ இல்லை. என் கணக்கு தப்பா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: உங்கள் கணக்கு சரி. சுற்றளவு 14 அடி. தோரணமாகத் தொங்கவிட ஒன்றரை மடங்கு, 21 அடி. முழம் 18 அங்குலமென்றால் அது 14 முழம். தூணுக்கு ஒன்றரை முழம் வீதம் இன்னும் 6. ஆக 20.

அப்புறம் பூ எங்கே போனது? அளந்த கையில். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டியதை, விரலை மடக்கி, முழங்கைக்கு முன்னாலேயே நிறுத்தினால் 14 அங்குலம்தான் வரும். முழத்துக்கு 4 அங்குலம் போனால் இருபதுக்கு 80 அங்குலம். உங்கள் மூன்று தூண் அங்கேதான் போயிற்று. எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. 2009 எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவைத்தான் ஏற்கிறது, ஆனால் பூக்கடையில் இன்றும் கைதான் சட்டம். நீங்கள் ஏமாற்றப்பட்டவர், வெட்கப்பட வேண்டியதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ரசீது இல்லாத சரத்துக்கு நிரூபணம் கஷ்டம். அடுத்த முறை தையல் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு “முப்பது அடி கொடுங்க” என்று கேளுங்கள். டேப்பைப் பார்த்ததும் விரல் தானாக நீளும்.

கேள்வி: பட்டு என்று விற்ற விதானத் துணி, விளக்குச் சூட்டில் உருகி ஓட்டையாகிவிட்டது. பட்டு உருகுமா?
– ஆற்காடு வாசகி

பதில்: உருகாது. பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் கையில் பொடியும். உங்களுடையது பாலியஸ்டர். ரசீதில் பட்டு என்று எழுதியிருந்தால் கடைக்குப் போய்ச் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம். விளக்கை மட்டும் விதானத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள்.