லங்கர் கட்டையில் கடைக்காரர் ஏன் தோற்பதில்லை?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் பையன் பெட்டிங் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "ஈஸியா ஜெயிக்கலாம்ப்பா" என்கிறான். பகடை, சீட்டு வைத்து அவனுக்கு நிகழ்தகவைப் புரியவைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள், திருவிழாக்களில் நடக்கும் பகடைச் சூதாட்டமான லங்கர் கட்டையில் ஆரம்பியுங்கள். நான் மன்னார்குடி பக்கம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் ஆறு படம் போட்ட அந்த விரிப்பைப் பற்றி இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டையில் 1 முதல் 6 வரை கட்டம் போடுங்கள். மூன்று பகடை, காசுக்குப் பதில் புளியங்கொட்டை. நீங்கள் வைத்த எண் ஒரு பகடையில் விழுந்தால் வைத்ததோடு ஒரு கொட்டை லாபம், இரண்டில் விழுந்தால் இரண்டு, மூன்றிலும் விழுந்தால் மூன்று.

பிள்ளைகள் உடனே ஒரு கணக்குப் போடுவார்கள்: "ஒரு பகடைக்கு ஆறில் ஒன்று, மூணு பகடைக்கு ஆறில் மூணு. பாதிக்குப் பாதி சார், டபுள் விழுந்தா இன்னும் லாபம்!"

இப்போது பையனைக் கடைக்காரர் ஆக்கிவிட்டு, ஆறு கட்டத்திலும் ஒவ்வொரு கொட்டை நீங்களே வையுங்கள். 2, 4, 5 விழுந்தால் மூன்று கொட்டை அவனுக்கு வரும், மூன்று போகும். சரிக்குச் சரி. 4, 4, 1 விழுந்தால்? நாலுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று, ஆக மூன்று கொடுப்பான். தோற்ற நாலு கட்டத்திலிருந்து நாலு வாங்குவான். மூன்றும் ஒரே எண் என்றால் ஐந்து வாங்கி மூன்று கொடுப்பான். அவன் தோற்கிற ஓர் உருட்டலைக் காட்டச் சொல்லுங்கள். கிடையாது. ஆசை காட்டிய அந்த டபுள்தான் கடைக்காரருக்குச் சோறு போடுகிறது.

அப்புறம் எண்ணலாம். மூன்று பகடைக்கு மொத்தம் 216 விதம். ஒரே எண்ணில் கட்டினால் 125-ல் தோல்வி. 75-ல் ஒரு மடங்கு, 15-ல் இரு மடங்கு, 1-ல் மும்மடங்கு லாபம். 216 விதமும் ஒவ்வொரு தடவை விழுவதாக வைத்து, பத்துப் பத்து ரூபாயாகக் கட்டினால் போவது 1250, வருவது 1080.

ஒன்றில் கவனம் வேண்டும். ஒரே எண்ணில் கட்டித் தனியாக முப்பது தடவை ஆடவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவன் லாபத்தில்தான் நிற்பான். அவனிடம் அப்புறம் எந்தக் கணக்கும் எடுபடாது. அதனால்தான் ஆறு கட்டத்தையும் நிரப்பச் சொல்கிறேன்.

சீட்டை விளம்பரத்துக்கு வைத்திருங்கள். 32 பிள்ளைகளை நிற்கவைத்து, அடுத்து எடுக்கும் சீட்டு சிவப்பா கறுப்பா என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னவர் உட்கார வேண்டும். சீட்டைத் திரும்பச் சேர்த்துக் கலைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஐந்தாவது சுற்று முடியும்போது சராசரியாக ஒருவர் நிற்பார். "என்னப்பா டெக்னிக்?" என்று கேட்டு மொபைலில் பிடியுங்கள். ஏதோ ஒன்று சொல்வான். விளம்பரம் அதுதான், உட்கார்ந்த 31 பேர் படத்தில் வரமாட்டார்கள்.

கிரிக்கெட்டில் 216 மாதிரி எண்ண முடியாதே என்பான். வேண்டாம், அங்கேயும் எல்லாக் கட்டத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அணிக்கும் 1.90 என்று, அதாவது ஜெயித்தால் கட்டியதற்கு 1.9 மடங்கு திரும்பும் என்று போட்டிருந்தால், அணிக்கு 100 கட்டினால் போவது 200. யார் ஜெயித்தாலும் வருவது 190.