அடைத்த கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் இன்னும் பாக்கி என்றே இருக்கிறது. திருத்தச் சொல்லி எப்படி எழுதுவது?

“பைக் லோனை மார்ச்லயே முடிச்சுட்டேன், என்ஓசி-யும் கையில இருக்கு. ரிப்போர்ட்ல இன்னும் ‘Active’னு காட்டுது. யாருக்கு, என்னன்னு எழுதணும்?”

கடன் கொடுத்த நிறுவனம், ரிப்போர்ட் தரும் நிறுவனம் இரண்டுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் ரிப்போர்ட் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. அங்கே மட்டும் புகார் செய்பவர்களுக்குத் தாமதமாவது பெரும்பாலும் இதனால்தான்.

“திருத்தவும்” என்று மொட்டையாக எழுதினால் வேலைக்கு ஆகாது. லோன் கணக்கு எண், ரிப்போர்ட்டின் தேதி, அதன் கன்ட்ரோல் நம்பர் மூன்றையும் குறிப்பிட்டு, இப்படி எழுதலாம்:

“இக்கணக்கின் நிலை ‘Active’, நிலுவை ரூ. 14,200 என உள்ளது. கடன் 12.03.2025 அன்று முழுமையாக அடைக்கப்பட்டது, என்ஓசி இணைப்பில். நிலையை ‘Closed’ எனவும் நிலுவையைப் பூஜ்யம் எனவும் திருத்தி, இப்புகார் கிடைத்த 30 நாட்களுக்குள், அதாவது ஜூன் 9-க்குள், எழுத்தில் பதில் தரவும்.”

தேதியைக் கணக்கிட்டு நீங்களே எழுதிவிடுங்கள். 30 நாள் என்பது ரிசர்வ் வங்கி வைத்த கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு உண்டு. அந்த 30 நாளில், திருத்திய விவரத்தை ரிப்போர்ட் நிறுவனத்துக்கு அனுப்பக் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். ஆகவே புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

கணக்கையே நீக்கச் சொல்லாதீர்கள், முடிந்த கடனும் வரலாறாக ரிப்போர்ட்டில் நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் ‘Settled’ என்றுதான் வரும். அது பிழையல்ல, மீதியைக் கட்டாமல் மாற்றவும் மாட்டார்கள்.